இதயப் படத்தை எந்த வரிசையில் விவரிப்பது?

பார்வையற்ற பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் அறிவியல் பாடப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவார். நான் வாசித்துக் குரல்பதிவாக அனுப்புவேன். இப்போது இதயத்தின் வெட்டுத்தோற்றப் படத்தில் மாட்டிக்கொண்டேன்.

பத்தியை முடித்துவிட்டு 'படம் தொடக்கம்', 'படம் முடிவு' என்று சொல்வது சரியாக வருகிறது. சிக்கல் படத்துக்குள்தான். பெயர்களை வட்டமாகப் படித்தேன். எது எதோடு சேர்கிறது என்று புரியவில்லை. பக்கத்தின் இடம் வலமாகச் சொன்னேன். இதயத்தின் வலது ஆரிக்கிள் படத்தில் இடப்பக்கம் இருக்கிறதே, குழம்பிவிட்டார். அப்புறம் வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல், இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி என்று ரத்தம் போகும் வழியில் சொன்னேன். வழி புரிந்தது, ஆனால் எது மேலே, எது கீழே, எந்தச் சுவர் தடிமன் என்பது விட்டுப்போனது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு அமைப்பை முதலில் சொல்வதா, ரத்த ஓட்டத்தையா?