பரண் கொட்டகை: கூரை ஒழுகவில்லை, ஆனாலும் தளம் காயவே மாட்டேங்குது. ஈரம் எங்கிருந்து வருது?

குறிஞ்சிப்பாடி ஆட்டுப்பட்டி:
எல்லாருக்கும் வணக்கம். குறிஞ்சிப்பாடி பக்கம், கொஞ்சம் தாழ்ந்த பூமி. பரண் கொட்டகை 30 அடி நீளம், 15 அடி அகலம். நீளவாக்கு கிழக்கு மேற்கு. பரண் தரையிலிருந்து 4 அடி உயரம். இருபக்கச் சரிவுத் தகரக் கூரை, தாழ்வாரம் ஒன்றரை அடி வெளியே நீட்டியிருக்கு. பக்கவாட்டில் 3 அடிக்குப் பலகை அடைப்பு, அதுக்கு மேல கூரை வரை 4 அடிக்குக் கம்பி வலை. தளத்துக்கு 4 அங்குலப் பலகை, நடுவுல 1 செ.மீ. இடைவெளி. தலைச்சேரி ஆடு 28, குட்டி 12.

வெயில் காலத்துல ஒரு பிரச்சினையும் இல்லை. ஐப்பசி மழை பிடிச்சதும் சாரல் அடிக்குதுன்னு நாலு பக்கமும் கூரையிலிருந்து தரை வரைக்கும் தார்ப்பாய் கட்டினேன். இப்ப காலையில போய்ப் பார்த்தா தளம் சொதசொதன்னு இருக்கு, புழுக்கை அப்பிக்கிட்டு நிக்குது, உள்ளே போனா கண் எரியுது. ரெண்டு மூணு குட்டி இருமுது. கூரையில ஓட்டை எதுவும் தெரியலை. பரண் உயரம் பத்தலையா? இல்ல பலகையை மாத்தணுமா?

நெல்லிக்குப்பம் வெள்ளாடு:
4 அடி பத்தாது தம்பி, 6 அடி வேணும். தார்ப்பாயைக் கழட்டிடாதீங்க. கார்த்திகைக் குளிர்ல காத்து பட்டா குட்டிக்குச் சளி பிடிச்சு நிமோனியா வந்துடும். ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு விடுங்க, சரியாயிடும்.

பாகூர் கொட்டகை மேஸ்திரி:
குட்டி மேல நேரா காத்து அடிக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்றது சரி. ஆனா மூடின கொட்டகையில ஃபேன் போட்டா அது காத்தை எங்கிருந்து இழுக்கும்? பலகை இடுக்கு வழியா, கீழே குவிஞ்சு கிடக்கிற புழுக்கை, மூத்திரத்து மேலிருந்துதான். கண் எரிச்சல் கூடும். புயல் நேரத்துல கரண்டும் இருக்காது. உயரத்தைப் பொறுத்தவரை, குனிஞ்சு கூட்டி அள்ள முடிஞ்சா 4 அடி போதும்.

குறிஞ்சிப்பாடி தம்பி, எதையும் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. மழை இல்லாத ராத்திரியா பார்த்து விடியக்காலை 5 மணிக்குக் கூரைத் தகரத்தோட அடிப்பக்கத்தைக் கையால தடவிப் பாருங்க. ஆணி, போல்ட் இருக்கிற இடத்துல மட்டும் ஈரம்னா அது ஒழுக்கு. தகரம் முழுக்க ஒரே மாதிரி வேர்த்திருந்தா ஈரம் உள்ளேயிருந்து வருது.

ஒரு பெரிய ஆடு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை மூத்திரம் போகும். 28 ஆட்டுக்குக் குறைஞ்சது 14 லிட்டர். மூச்சுல வர்ற ஈரம் தனி. அந்த ஆவி மேலே ஏறி, ராத்திரி குளிர்ந்த தகரத்துல பட்டுத் தண்ணியா மாறித் தளத்துலயே சொட்டும். வெயில் காலத்துல வலை வழியா வெளியே போயிடும். இப்ப போக வழியில்லை.

முத்தியால்பேட்டை மாடித்தோட்டம்:
மாட்டுக் கொட்டகைக்கு ரப்பர் மேட் போட்டா நல்லா இருக்கே, அதைப் போடலாமே?

பண்ருட்டி பண்ணை:
அது சிமெண்ட் தரையில படுக்கிற மாட்டுக்குங்க. இங்க மூத்திரம் கீழே இறங்கணும், ரப்பர் விரிச்சா பரண் போட்டதுக்கே அர்த்தமில்லை.

இவர் தளத்துலயும் ஒரு கோளாறு இருக்கு. கோடையில காய்ஞ்ச பலகையை 1 செ.மீ. விட்டு அடிச்சிருப்பார். மழைக் காலத்துல மரம் ஈரம் குடிச்சு அகலவாட்டுல ஊதும். 4 அங்குலப் பலகை 3 மி.மீ. ஊதினாலும் இடைவெளி 7 மி.மீ. ஆயிடும். இந்த சமயத்துல இளம்புல் மேயற ஆட்டுப் புழுக்கையும் இளகித்தான் இருக்கும், அந்த இடுக்குல அப்பி அடைச்சுக்கும். அப்புறம் மூத்திரம் மேலேயே நிக்கும். ஒரு குச்சியைப் பத்து இடத்துல இடுக்குல விட்டுப் பாருங்க, எத்தனை அடைச்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.

இதுக்குப் புது மரம் வாங்க வேண்டாம். இருக்கிற பலகையைக் கழட்டி அறுவை மில்லுல நடுவுல பிளந்து 2 அங்குலச் சட்டமாக்குங்க. 30 அடி நீளத்துக்கு உங்ககிட்ட சுமார் 82 வரிசைப் பலகை இருக்கும், பிளந்தா 164 வரிசை. 1.5 செ.மீ. இடைவெளியில அடிச்சா 140 வரிசையே போதும். இப்ப தளத்துல நூத்துக்கு ஒன்பது பங்குதான் திறப்பு. அப்புறம் இருபதுக்கு மேல வரும். சட்டம் குறுகினதால ஊதறதும் பாதியாயிடும். அளவுக்கு 16 எம்எம் கட்டடக் கம்பித் துண்டை நடுவுல வச்சு அடிச்சா எல்லா இடுக்கும் ஒரே மாதிரி வரும். குட்டி அடையிற மூலைக்கு மட்டும் 10 எம்எம் கம்பி, இல்லாட்டி குளம்பு மாட்டிக்கும். மிச்சமாகற சட்டத்துல அந்த மூலைக்குப் போக மீதி மாற்றுக்கு.

பாகூர் கொட்டகை மேஸ்திரி:
ஒரு நிமிஷம். கீழ விட்டம் எத்தனை அடிக்கு ஒண்ணு இருக்கு? பலகை கனம் என்ன?

குறிஞ்சிப்பாடி ஆட்டுப்பட்டி:
3 அடிக்கு ஒண்ணு அண்ணா. கனம் ஒன்றரை அங்குலம். காலையில தடவிப் பார்த்தேன், தகரம் முழுக்க வேர்த்திருக்கு, விரல் பட்டதும் வழியுது. ராத்திரி மழையே இல்லை. குச்சி விட்டுப் பார்த்ததுல பாதிக்கு மேல அடைப்பு.

பாகூர் கொட்டகை மேஸ்திரி:
அப்போ பிளந்த சட்டம் 3 அடி இடைவெளியில தாங்காது, கிடா ஏறி நின்னா வளையும். ஒவ்வொரு விட்டத்துக்கும் நடுவுல இன்னொண்ணு போட்டு ஒன்றரை அடி ஆக்கிட்டு அப்புறம் சட்டம் அடிங்க. ஆணி வேண்டாம், மூத்திரத்துல அரிச்சிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்க.

மரவேலைக்குக் கொஞ்சம் நாளாகும். தார்ப்பாயை இன்னிக்கே மாத்தலாம். மேலே கட்டிக் கீழே தொங்க விடற முறையே தப்பு. சுருட்டினா வலையோட கீழ்ப்பக்கம்தான் முதல்ல திறக்கும், இறக்கினா மேல் திறப்பு மொத்தமும் அடையும். கோழிப் பண்ணையில கட்டற மாதிரி தலைகீழாக் கட்டுங்க. அடி ஓரத்தை 3 அடிப் பலகையோட இறுக்கிட்டு, மேல் ஓரத்துல ஒரு குழாயைக் கோத்து, கப்பி போட்டுக் கயிறால மேலே இழுங்க. எவ்வளவு சாரல் அடிச்சாலும் கூரைக்குக் கீழே ஒரு அடி திறந்தே இருக்கணும். குட்டி மட்டத்துல காத்து இருக்காது, ஆவி மேலே வெளியேறும். தெற்குப் பக்கத்தை முழுசாத் திறந்து விடுங்க. இந்தப் பருவத்துல சாரல் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்துதான். பரணுக்குக் கீழே கட்டின தார்ப்பாயை எடுத்துடுங்க.

நெல்லிக்குப்பம் வெள்ளாடு:
கீழே எடுத்தா இடுக்கு வழியா ஊதக்காத்து மேல ஏறுமே? குட்டி அதுலதானே படுக்குது?

பாகூர் கொட்டகை மேஸ்திரி:
ஏறும், அது உண்மை. அதுக்குக் குட்டி மூலைக்கு நேர் கீழே வடக்குப் பக்கம் மட்டும் ஒரு தென்னந்தட்டி சாத்தினா போதும். குட்டிங்களுக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு பக்கம் மட்டும் திறந்து, உள்ளே காய்ஞ்ச மல்லாட்டைக் கொடி போட்டு வைங்க. நனைஞ்சா அன்னிக்கே மாத்தணும்.

அடுத்து தாழ்வாரம். கணக்குப் பாருங்க. பரணிலிருந்து 7 அடி உயரத்துல கூரை. ஒன்றரை அடி வெளியே போனதும் சரிவுல அரை அடி இறங்கி ஓரம் ஆறரை அடியில நிக்கும். மழை 45 பாகை சாய்ஞ்சு அடிச்சா அந்த ஓரத்தைத் தாண்டி 5 அடி உயரத்துல வலைக்குள்ளே நுழையும், உள்ளே 5 அடி தூரம் வரைக்கும் தளத்தை நனைக்கும். அகலம் 15 அடிதானே, மூணுல ஒரு பங்கு நனைஞ்சது. தாழ்வாரத்தை 3 அடி ஆக்கினா ஓரம் 6 அடிக்கு இறங்கும், அதே மழை சரியா 3 அடிப் பலகை மேல வந்து நிக்கும். வடக்குப் பக்கத்துக்கு மட்டும் செஞ்சா கூடப் போதும். கிழக்கு முகப்பு முக்கோணத்தை அடைச்சுடுங்க.

பண்ருட்டி பண்ணை:
3 அடித் தாழ்வாரம் புயல்ல தகரத்தைத் தூக்கிடும். 2011 டிசம்பர்ல தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை கடந்தப்போ இந்தப் பக்கம் தகரம் என்ன கதி ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பாகூர் கொட்டகை மேஸ்திரி:
கால்லேருந்து சாய்வு முட்டு கொடுக்காம நீட்டினா தூக்கும்தான். ஒவ்வொரு காலுக்கும் ஒரு முட்டு, தகரத்துக்கு ஜே போல்ட், ஓரக் குறுக்குச் சட்டத்துல ஒரு மேடு விட்டு ஒரு மேடு. போல்ட் தகரத்தோட மேட்டுல வரணும். பள்ளத்துல போட்டா தண்ணி ஓடுற வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி.

பண்ருட்டி பண்ணை:
கூரை உச்சியை 6 அங்குலம் பிளந்து விட்டு, அதுக்கு மேல அரை அடி தூக்கி ஒரு தொப்பித் தகரம் வச்சா ஆவி நேரா மேல போகும். இவருக்கு அதையும் சொல்லியிருக்கலாமே?

பாகூர் கொட்டகை மேஸ்திரி:
உள்நாட்டுல செய்யலாம். கடலோரத்துல முதல்ல பறக்கிறது அந்தத் தொப்பிதான், சாரலும் அது வழியா இறங்கும். 15 அடி அகலக் கொட்டகைக்கு ரெண்டு பக்கமும் மேலே ஒரு அடி திறப்பு போதும்ங்கிறது என் கருத்து.

பண்ருட்டி பண்ணை:
காத்தே இல்லாத மழை நாள்ல அந்தத் திறப்பு வழியா எதுவும் நகராது அண்ணா. பக்கத் திறப்புக்குக் காத்து வேணும், உச்சித் திறப்புக்கு வேண்டாம். தொப்பியை உள்பக்கம் கம்பி போட்டு இழுத்துக் கட்டலாம். நான் ஒத்துக்க மாட்டேன்.

குறிஞ்சிப்பாடி ஆட்டுப்பட்டி:
உச்சியை அடுத்த கோடையில பார்த்துக்கறேன். பரணுக்குக் கீழே மண் தரை. அதுவும் சேறாத்தான் இருக்கு, அதைக் கேட்க மறந்துட்டேன். புழுக்கையை எத்தனை நாளைக்கு ஒரு தடவை அள்ளறது?

பாகூர் கொட்டகை மேஸ்திரி:
சேறு வர்றது கூரைத் தண்ணியால. உங்க கூரை தாழ்வாரத்தோட சேர்த்துக் கிட்டத்தட்ட 60 சதுர மீட்டர். 10 செ.மீ. மழைக்கு 6000 லிட்டர் தண்ணி ரெண்டு ஓரத்துலயும் கொட்டும். 2024 ஃபெஞ்சல் புயல் அப்போ புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல. ஒன்றரை அடித் தாழ்வாரத்துலேருந்து கொட்டற தண்ணி பரணுக்கு அடியிலேயே புகுந்துடும். கூரை ஓரத்துக்கு நேர் கீழே ஒரு வாய்க்கால் வெட்டி வயலுக்குத் திருப்புங்க. உள் தரையைச் சுத்துப்புறத்தை விட ஒரு அடி உசத்துங்க. நடு முதுகு உசரமா, ரெண்டு பக்கமும் 3 அங்குலம் சரிஞ்சு இருக்கட்டும். மூத்திர வாய்க்கால் தனியா இருக்கணும், மழை வாய்க்காலோட சேர்த்தா உரமெல்லாம் அடிச்சிட்டுப் போயிடும்.

நெல்லிக்குப்பம் வெள்ளாடு:
அள்ளறது மாசம் ஒரு தடவை போதும். நல்ல எருவாகும்.

பண்ருட்டி பண்ணை:
தரை காய்ஞ்சிருந்தா மாசம் ஒரு தடவை சரி. இவருக்கு இப்ப ஈரக் குவியல், அதுதான் கண்ணை எரிக்குது. மழை விடற வரைக்கும் மூணு நாளைக்கு ஒரு தடவை. நம்ம நின்னு மோந்து பார்த்தா தெரியாது, ஆடு படுத்தா மூக்கு இருக்கிற உயரத்துக்குக் குந்தி ஒரு நிமிஷம் இருங்க. கண் எரிஞ்சா அன்னிக்கே அள்ளணும்.

இருமற குட்டிக்குத் தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. 104 டிகிரிக்கு மேல போனாலோ, மூக்குல கெட்டியாச் சளி வந்தாலோ கொட்டகை வேலைக்குக் காத்திருக்காம கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்க. மத்ததுங்களோட விடாதீங்க.

குறிஞ்சிப்பாடி ஆட்டுப்பட்டி:
இன்னிக்குத் தெற்குத் தார்ப்பாயைக் கழட்டியாச்சு, கீழே கட்டினதையும். வடக்குக்குக் கப்பி வாங்கணும். ஒரு குட்டிக்கு 104.5 இருக்கு, மருந்தகத்துக்குக் கிளம்பறேன். பலகையை ரெண்டு ரெண்டு வரிசையாக் கழட்டிப் பிளக்கலாமா, இல்ல ஆட்டை வேற இடத்துக்கு மாத்திட்டு மொத்தமாச் செய்யணுமா?

பாகூர் கொட்டகை மேஸ்திரி:
நடுவுல தட்டி வச்சுப் பாதிப் பாதியாச் செய்ங்க. 225 சதுர அடியில இத்தனை உருப்படி நெருக்கம்தான், ஆனா நாலஞ்சு நாளைக்குத் தாங்கும். குட்டி இருக்கிற பாதியைக் கடைசியா வைங்க. 16 எம்எம் கம்பியை மாத்தி 14 ஆக்கிடாதீங்கன்னு மில்லுக்காரர் சொல்வார், அது சும்மா. இப்ப மரம் ஊதின நிலையில இருக்கு. கோடையில சட்டம் சுருங்கி இடுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு மி.மீ. விரியும். பெரிய ஆட்டுப் பக்கம் 14 வச்சே அடிங்க.

பண்ருட்டி பண்ணை:
அது சரி. நான் சொன்ன 16 காய்ஞ்ச மரத்துக்கு. குட்டி மூலைக்கு 10க்குப் பதிலா 8 எம்எம் கம்பி.