வெல்கம் ஷோர்ட்ஸில "கீழ லிங்க் இருக்கு" எண்டு கை காட்டிறது

மல்லாவி ஜெனா: இரணமடுக்காத்து அண்ணை நேற்று ஒரு பதிவு போட்டவர், வெல்கம் ட்ரெய்லரை ஷோர்ட்ஸாப் போட்டு, கடைசியில "கீழ லிங்க் இருக்கு, முதல் அதைப் பாருங்கோ" எண்டு கை காட்டினா காணுமாம். சனம் உண்மையா அமத்துமோ? ஆருக்கான சனல் எண்டதையும் முதல் பாக்கிற வீடியோவையும் என்னண்டு சொல்லுறது?

பரந்தன் பம்ப்காரன்: அமத்தாது தங்கச்சி, அமத்தவும் ஏலாது. 2023 ஆகஸ்ட் 31க்குப் பிறகு ஷோர்ட்ஸின்ர டிஸ்கிரிப்சன்லயும் கொமன்ட்லயும் போடுற லிங்க் வெறும் எழுத்துத்தான், விரலால குத்திக் குத்திப் பாத்தாலும் ஒண்டும் திறக்காது. ரெண்டு வருசத்துக்கு மேலான கதை இது. இப்பவும் அதைப் பாடமா எடுக்கிறதைக் கண்டாத்தான் எனக்கு விசர் வருது.

இரணமடுக்காத்து: பம்ப்காரன், நீர் உம்மட வேலையைப் பாரும். என்ர பின் பண்ணின கொமன்ட்ல லிங்க் வடிவா வேலை செய்யுது, இப்பவும் அமத்திப் பாத்திட்டுத்தான் எழுதிறன்.

பரந்தன் பம்ப்காரன்: எந்த வீடியோவுக்குக் கீழ அமத்தினனீங்கள்? அகலமா எடுத்த நீள வீடியோவுக்குக் கீழ எண்டா வேலை செய்யும், அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஷோர்ட்ஸுக்குக் கீழ வேலை செய்யாது.

இரணமடுக்காத்து: லிங்க் லிங்க்தான். எனக்கு வேலை செய்யுது.

முள்ளியவளை அக்கா: நான் சமையல் சனல் வச்சிருக்கிறன். ட்ரெய்லர் போட்டு ஒரு கிழமையாச்சு, என்ர சனலைத் திறந்தா எனக்கு அது வாறதே இல்லை, வேற வீடியோதான் நிக்குது. அதுவும் இந்த லிங்க் பிரச்சினையாலயோ?

பரந்தன் பம்ப்காரன்: இல்லை அக்கா, அது வேற. சனலின்ர முகப்பில வைக்கிற ட்ரெய்லர் சப்ஸ்கிரைப் பண்ணாத ஆக்களுக்கு மட்டுந்தான் காட்டும். சப்ஸ்கிரைப் பண்ணின ஆக்களுக்கு வேற வீடியோ வைக்கலாம், அந்த இடம் தனி. போன்ல லொகின் இல்லாத பிரைவேட் விண்டோ ஒண்டைத் திறந்து உங்கட சனலைப் பாருங்கோ, நிக்கும்.

ஜெனா, இதில இன்னொண்டு இருக்கு. முகப்பில ட்ரெய்லர் பாக்கிறவர் தானா உங்கட படலையைத் திறந்து வந்தவர், அவருக்கு "வாங்கோ" எண்டு சொல்லலாம். ஷோர்ட்ஸ் பாக்கிறவர் ரோட்டால போறவர், விரலால தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறார். அவரை மறிச்சு "எங்கட சனலுக்கு அன்புடன் வரவேற்கிறோம்" எண்டா நிப்பாரோ? அதால நான் ரெண்டையும் வேற வேறயாத்தான் எடுத்தனான்.

என்ர ஷோர்ட்ஸைச் சொல்லுறன். முதல் எடுத்தது 50 செக்கன், அதில முதல் 12 செக்கன் லோகோவும் பாட்டும் வயல் காட்சியும். ஸ்டூடியோவில கிராஃபைப் பாத்தா லோகோ போக முதலே கோடு கிணத்துக்க விழுந்த மாதிரிக் கீழ போயிட்டுது. ரெண்டாந்தரம் 28 செக்கன். எடுத்த உடன ஒரு கை பம்பின்ர கயிறை இழுக்குது, எஞ்சின் பிடிக்குதில்லை, திரும்ப இழுக்குது. "கயிறு இழுத்துத் தோள் நோகுதோ? மண்ணெண்ணெய் பம்ப் வச்சுத் தோட்டம் செய்யிற ஆக்களுக்குத்தான் இந்தச் சனல். கரண்ட் மோட்டர்காரருக்கு இதில ஒண்டுமில்லை." பிறகு பிளக்கைக் கழட்டிக் கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறன், முனை முழுக்கக் கரி. "முதல் இந்த 6 நிமிச வீடியோவைப் பாருங்கோ, பிளக் ஸ்பானர் ஒண்டு காணும்." அவ்வளவுதான்.

வவுனியாப் பெடியன்: "தோள் நோகுதோ" எண்டா தமிழ்நாட்டுச் சனத்துக்கு விளங்குமோ அண்ணை? வியூஸ் முழுக்க அங்கதான் இருக்கு. அவையின்ர தமிழில பேசினா நல்லம் எண்டு நினைக்கிறன்.

முள்ளியவளை அக்கா: எங்கட கதையை விட்டுட்டு ஆருக்காகத் தம்பி பேசிறது? "இடியப்ப உரல்" எண்டு நான் சொன்னதுக்கு அங்கயிருந்து எத்தினை பேர் ஆசையா எழுதினவை தெரியுமோ.

வவுனியாப் பெடியன்: ஆசையா எழுதினது வேற, வியூஸ் வேற அக்கா.

இரணமடுக்காத்து: பெடியன் சொல்லுறது சரி. பம்ப்காரன், சனத்தை "உங்களுக்கு இதில ஒண்டுமில்லை" எண்டு துரத்துறதோ வரவேற்பு? என்ர ட்ரெய்லர்ல எல்லாரையும் கூப்பிட்டனான். ஆகக் கூட வியூஸ் வந்த வற்றாப்பளைப் பொங்கல் வீடியோவை முதல் பாக்கச் சொன்னனான். லிங்கும் குடுத்தனான்.

பரந்தன் பம்ப்காரன்: அதுதான் பிழை. உங்கட சனல் வயல் வேலைச் சனல். பொங்கல் பாக்க வந்த சனம் பொங்கலைப் பாத்திட்டுப் போகும், அடுத்த நாள் நீங்கள் களைநாசினி பற்றிப் போட்டா ஏன் வரும்? முதல் வீடியோவுக்கு வியூஸைப் பாக்கிறதில்லை, அதைப் பாத்தவர் அடுத்ததா எதைத் தேடுவார் எண்டு பாக்கிறது. பிளக் வீடியோ பாத்தவருக்குப் பிறகும் எஞ்சின் பிடிக்கேல்லை எண்டா காபரேட்டர் வீடியோ, பிடிச்சிட்டுது எண்டா பம்ப்பை நிப்பாட்ட முதல் பெற்றோலுக்கு மாத்திற வீடியோ. எந்தப் பக்கம் போனாலும் என்ர சனலுக்குள்ளதான் நிப்பார்.

உங்கட லிங்க் அமந்தாத்தானே பொங்கலுக்கும் போவினம்.

இரணமடுக்காத்து: திரும்பத் திரும்ப லிங்க் லிங்க் எண்டுறீர். அப்ப நீர் என்ன மந்திரத்தாலயோ அனுப்பிறீர்?

பரந்தன் பம்ப்காரன்: மந்திரமில்லை. YouTube Studio-வில அந்த ஷோர்ட்ஸின்ர டீடெய்ல்ஸைத் திறந்தா Related video எண்டு ஒரு இடம் இருக்கு. அதில உங்கட சனல் வீடியோ ஒண்டைத் தெரிவு செய்தா, ஷோர்ட்ஸ் ஓடேக்க சனல் பேரோட சேந்து அமத்தக்கூடிய மாதிரி நிக்கும். ஷோர்ட்ஸுக்க வேற ஒரு வீடியோவுக்கு ஆளை அனுப்ப அதுதான் வழி, எண்ட் ஸ்கிரீன் ஷோர்ட்ஸுக்கு இல்லை. அகல வீடியோவுக்கு இருக்கு, அதுவும் ஆகக் குறைஞ்சது 25 செக்கன் நீளம் வேணும். அதால கை காட்டுறதெண்டா என்ர பேர் இருக்கிற மூலையைக் காட்டுறன், வெறும் கீழயில்லை. அந்த மூலையில எழுத்து ஒண்டும் போட்டிடாதேங்கோ, மறைஞ்சிடும்.

மல்லாவி ஜெனா: அண்ணை நான் இப்பத் திறந்து பாத்தன், அந்த இடத்தில எனக்குத் தெரிவு செய்ய விடுதில்லை. சனல் துவங்கி ரெண்டு மாசம்.

பரந்தன் பம்ப்காரன்: அதுக்கு advanced features திறந்திருக்க வேணும். செட்டிங்ஸில Feature eligibility எண்ட இடத்தைப் பாருங்கோ. அடையாள அட்டையோ முகம் காட்டிற வீடியோவோ குடுத்துத் திறக்கலாம், இல்லையெண்டா சனலின்ர வரலாறு சேருமட்டும் பொறுக்கலாம். அதுவரைக்கும் வீடியோவின்ர தலைப்பை வாயால அப்பிடியே சொல்லுங்கோ, சனலுக்க போய்த் தேடுறவர் தேடட்டும்.

இரணமடுக்காத்து: புதுச் சனல்காரருக்கு உமது வழி வேலை செய்யாது எண்டு நீரே சொல்லிப்போட்டீர். லிங்க் போடுறது சுகம்.

பரந்தன் பம்ப்காரன்: அமத்தேலாத லிங்க் ஆருக்குச் சுகம்?

இரணமடுக்காத்து: உமக்கு என்னில கோவம் லிங்க்கால இல்லை. போன வருசம் நான் எடுத்த வான்கதவு திறக்கிற காட்சியை உம்மட ட்ரெய்லர்ல போட்டிட்டு என்ர பேரே சொல்லேல்லை, அதை நான் கேட்டதிலயிருந்துதான் இது. அந்த 12 செக்கன் வயல் காட்சியிலயும் என்ர துண்டு கிடந்தது.

பரந்தன் பம்ப்காரன்: கேட்ட அண்டைக்கே எடுத்துப்போட்டன். அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு? ஷோர்ட்ஸுக்குக் கீழ உள்ள லிங்க்கை அமத்தி, அது திறக்கிறதை ஸ்கிரீன் ரெக்கோட் எடுத்துப் போடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.

வவுனியாப் பெடியன்: தமிழ்நாட்டுத் தமிழ் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே?

முள்ளியவளை அக்கா: பிரைவேட் விண்டோவில பாத்தன், ட்ரெய்லர் நிக்குது! ஆனா நான் லிங்க் கீழ இருக்கு எண்டுதான் அதில சொல்லியிருக்கிறன். அது அகல வீடியோ, அப்ப பரவாயில்லையோ தம்பி?

இரணமடுக்காத்து: பரவாயில்லை அக்கா. நான் முதலே சொன்னன், லிங்க் வேலை செய்யும்.

பரந்தன் பம்ப்காரன்: ரெக்கோட்டைப் போடுங்கோ அண்ணை.