புதுப்பிப்பு: கவரில் வந்த படம்

என் கதைக்காக முன்பு கேட்டது: “ஏற்காட்டு காபித் தோட்டத்திலிருந்து சார்ஜா போனவர். 5 வயது மகள் வரைந்த படம் கவரில் வருகிறது. அதில் அவர் எதையெல்லாம் படிப்பார்?”

கதையை மாற்றி எழுதிவிட்டேன். தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த அண்ணன் சொன்னதுதான் பெரிய உதவி. படத்தில் ஒரே செடியில் சிவப்புப் பழமும் வெள்ளைப் பூவும் சேர்ந்து இருந்ததை நீக்கச் சொன்னார். பூ கோடை மழைக்குப் பிறகு, பழம் பறிப்பு கார்த்திகை, மார்கழிப் பக்கம். இப்போது பழம் மட்டும். அதைப் பார்த்ததுமே எந்த மாதம் வரைந்தது என்று கதையில் வரும் அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது.

கை இல்லாத அப்பா உருவம் பிள்ளையின் பயத்தைக் காட்டும் என்றார் ஒரு தம்பி. பாதிதான் சரி. ஏக்கம் இருக்கலாம், ஆனால் அந்த வயதில் கையை விட்டுவிடுவது சாதாரணம். அதனால் கை விஷயத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, அம்மாவைவிட அப்பாவை உயரமாக்கினேன்.

மெழுகுக் கலரில் வரைந்து உள்பக்கமாக மடித்தால், அழுத்தத்திலும் சூட்டிலும் எதிர்ப்பக்கத்தில் லேசாக ஒட்டும். அம்மா பக்கத்தில் மங்கலாக ஓர் ஆள். யாரென்று அப்பா பதறுகிறார். மடித்துப் பார்த்தால் அது அவருடைய உருவமே, இடம் வலம் மாறி.



அவர் மடித்துப் பார்ப்பதோடு முடிப்பதா, போன் பண்ணுவதா? இன்னும் முடிவாகவில்லை.