நான் "ரியலி" என்றதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார்

முற்றுப்புள்ளி

வாராந்தரக் கூட்டம், தொலைபேசி வழியாகத்தான். யாரும் கேமராவைப் போடுவதில்லை. குழுவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண், பழைய புரோகிராம் ஒன்றை மூன்றே நாளில் முழுக்க மாற்றி எழுதிவிட்டதாகச் சொன்னார். எனக்கு நிஜமாகவே ஆச்சரியம். "ரியலி" என்றேன். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு, "யெஸ், ரியலி. வேண்டுமானால் லாக் எடுத்துக் காட்டுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் அவர் என்னோடு பேசவே இல்லை.

கூட்டத்தின் பதிவை மாலையில் போட்டுக் கேட்டேன். என் மனதுக்குள் அது "அட, அப்படியா!" என்று ஒலித்திருந்தது. பதிவிலோ தாழ்வாகத் தொடங்கி இன்னும் தாழ்ந்து முடிகிறது. "சரி, விடு" என்பதுபோல் இருக்கிறது. ஆச்சரியம், சந்தேகம், நட்பு இதையெல்லாம் ஆங்கிலத்தில் குரலிலேயே காட்ட வேண்டியிருக்கிறதே, உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? எப்படிச் சரிசெய்தீர்கள்?

தாமதவண்டி

இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. கேள்வின்னா கடைசியில குரலைத் தூக்கணும், பதில்னா இறக்கணும். நீங்க இறக்கிட்டீங்க, அவ்வளவுதான். நான் எல்லாக் கேள்வியையும் தூக்கித்தான் கேட்கிறேன், பிரச்சினையே வந்ததில்லை.

நடுநிசி

தாமதவண்டி அண்ணா, நானும் அப்படித்தான் நம்பினேன், மாட்டிக்கொண்டேன். பயிற்சி வகுப்பு எப்போது தொடங்கும் என்று ஒருவரிடம் கேட்க வேண்டும். "வென் டஸ் இட் ஸ்டார்ட்" என்பதில் "வென்"னிலேயே குரலைத் தூக்கி, கடைசிவரை மேலேயே கொண்டுபோனேன். அவர் குழம்பிப்போய், "நான் இன்னும் நேரமே சொல்லவில்லையே" என்றார். அவர் ஏற்கெனவே சொன்ன நேரம் என் காதில் விழாமல் திருப்பிக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை.

பழையவானொலி

இருபது வருடத்துக்கு மேல் ஆங்கில ஒலியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நடுநிசி, வாட், வென், வேர் என்று தொடங்கும் கேள்விக்கு ஆங்கிலத்தில் வழக்கமான முடிவு இறக்கம்தான். அந்த முதல் சொல்லிலேயே ஏற்றம் தொடங்கினால் "என்ன சொன்னீர்கள், எப்போது என்றீர்கள்?" என்று பொருள். அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்குத் தாமதவண்டி சொல்வது பெரும்பாலும் பொருந்தும். அதை எல்லாக் கேள்விக்கும் நீட்டினால்தான் சிக்கல்.

முற்றுப்புள்ளி, "ரியலி"யை மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். முதலில், "ரி"யைத் தாழ்வாகத் தொடங்கி "லி"யில் உயரே கொண்டுபோய் விடுங்கள். அது ஆச்சரியம், "மேலே சொல்லுங்கள்" என்ற அழைப்பும் அதில் உண்டு. அடுத்து, "ரி"யிலேயே உயரத்திலிருந்து இறக்கி, "லி"யில் கொஞ்சம் மட்டும் மேலே திருப்புங்கள். அது சந்தேகம், "நம்பலாமா?" என்பது போல. மூன்றாவது நீங்கள் செய்தது: தாழ்விலிருந்து இன்னும் தாழ்வு. அக்கறை இல்லை என்றோ நம்பவில்லை என்றோதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். சொல் ஒன்றுதான், எழுத்தில் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது.

நமக்கு இது ஏன் இடறுகிறது என்றால், தமிழில் இந்த வேலையைச் சொல்லின் வால் செய்துவிடுகிறது. "வந்தான்" என்பதோடு "ஆ" சேர்த்தால் கேள்வி. "வந்தானாம்" என்றால் நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். "வந்தானோ" என்றால் ஐயம். குரலைத் தட்டையாக வைத்துக்கொண்டே இத்தனையும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. வாலை வெட்டிவிட்டு அதே தட்டைக் குரலோடு பேசினால் மீதி என்ன இருக்கும்?

வெண்கலமணி

எனக்கும் இதே அனுபவம்! ஆச்சரியத்தைக் காட்டச் சொன்னார்கள் என்று "ரியலி"யைச் சத்தமாகச் சொன்னேன். எதிரில் இருந்தவர் "காம் டவுன்" என்றுவிட்டார். சத்தம் கூட்டியும் பயன் இல்லை, இவர்களைத் திருப்திப்படுத்தவே முடியாது.

பழையவானொலி

வெண்கலமணி, நீங்கள் கூட்டியது சத்தத்தை, கூட்ட வேண்டியது ஸ்ருதியை. சத்தம் மட்டும் ஏறி ஸ்ருதி அதே இடத்தில் நின்றால் அது கோபமாகத்தான் கேட்கும். குரலைச் சன்னமாகவே வைத்துக்கொண்டு "லி"யை மட்டும் உயர்த்திச் சொல்லிப் பாருங்கள்.

சந்தியக்ஷரம்

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். வானொலி ஐயா ஓகாரத்தைத் தொட்டதால் உள்ளே வருகிறேன். நன்னூல் ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. வினா அவற்றுள் ஒன்று. ஒழியிசை என்று இன்னொன்றும் உண்டு: சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்வது. "படிக்கவோ வந்தாய்?" என்றால், "இல்லை, விளையாட வந்தாய்" என்பது சொல்லாமலே விளங்கும். ஆங்கிலத்தில் இதற்கு இணையாக ஏதும் உண்டா?

பழையவானொலி

ஐயா, கச்சிதமாகப் பிடித்தீர்கள். இறங்கி ஏறும் குரலுக்கு இதைவிட நல்ல பெயரை நான் இதுவரை கேட்டதில்லை. "ஐ லைக் தி ஃபர்ஸ்ட் பார்ட்" என்பதில் "ஃபர்ஸ்ட்"டில் குரலை இறக்கி, வாக்கியம் முடிகையில் லேசாக மேலே திருப்பினால், "இரண்டாவது பகுதி அவ்வளவு நன்றாக இல்லை" என்பது சொல்லாமலே போய்ச் சேரும். சுத்த ஒழியிசை.

பயில்பவர்கள் தவறுவது எங்கே என்றால், இறக்கத்தை விட்டுவிட்டு ஏற்றத்தை மட்டும் செய்வார்கள். அப்போது அது வெறும் கேள்வியாகிவிடும். "யெஸ்" போல ஓரசைச் சொல்லில் இது இன்னும் கடினம். இறங்கி ஏற இடம் வேண்டும், அதனால் சொல்லைக் கொஞ்சம் நீட்டித்தான் ஆக வேண்டும். சரியாக வந்ததா என்று எதிராளியின் அடுத்த வார்த்தையிலேயே தெரிந்துவிடும். நீங்கள் "யெஸ்" என்றதும் அவர் "பட்?" என்று கேட்டால் வந்துவிட்டது. "யெஸ், யெஸ்" என்று உங்களுக்கு உறுதிசொன்னால் நீங்கள் கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

மெல்லினம்

நான் பாட்டுக் கற்றவள், குரலை ஏற்றி இறக்குவது கைவந்த விஷயம் என்று நினைத்தேன். பதிவில் கேட்டால் ஏதோ பாடுவதுபோல் இருக்கிறது. ஒரு சுரத்தில் நின்று அடுத்த சுரத்துக்குத் தாவுகிறேன், பேச்சிலோ எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். இன்னொன்று, "சாரி". ஒருவர் சொன்னது கேட்கவில்லை, திரும்பச் சொல்லட்டும் என்று குரலை இறக்கி "சாரி" என்றேன். அவர் "இட்ஸ் ஓகே" என்று மன்னித்துவிட்டுப் போய்விட்டார். கடைசிவரை அவர் என்ன சொன்னார் என்று தெரியவே இல்லை. ஏற்றியிருந்தால் திரும்பச் சொல்லியிருப்பார், இல்லையா?

நடுநிசி

ஹாஹா, எந்தக் குற்றத்துக்கு மன்னித்தாராம்?

கல்லுக்குழி

எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அவர்கள் மொழியை இத்தனை வருடம் உழைத்துக் கற்கிறோம். நாம் மனதில் என்ன வைத்துச் சொன்னோம் என்று யோசிக்க அவர்களுக்குக் கொஞ்சமும் கடமை கிடையாதா?

பழையவானொலி

நியாயமான கேள்வி. மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் பதிவுசெய்த நிகழ்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். சிடுசிடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று அவர்கள்மேல் புகார். பார்த்தால், அவர்கள் பேசியது சில சொற்கள்தான். இறைச்சிக்கு மேல் குழம்பு வேண்டுமா என்று கேட்க உள்ளூர்ப் பெண்கள் "கிரேவி" என்ற சொல்லை ஏற்றிச் சொன்னார்கள். இவர்கள் இறக்கிச் சொன்னார்கள். இவர்களுக்கு அது சாதாரணமாகக் கேட்கும் முறை. வாங்கியவர் காதிலோ "இது கிரேவி, வேண்டுமானால் எடு" என்று விழுந்தது. பதிவை இரு தரப்புக்கும் போட்டுக் காட்டிப் பேசவைத்த பிறகுதான் சிக்கல் எங்கே என்று விளங்கியது. இரு தரப்பும் கேட்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கல்லுக்குழி

அந்த "இரு தரப்பும்" என் அலுவலகத்தில் நடக்கட்டும், அப்புறம் பேசுகிறேன்.

முற்றுப்புள்ளி

நன்றி எல்லோருக்கும். Praat என்ற இலவச மென்பொருளில் என் பதிவைப் போட்டுப் பார்த்தேன். குரலின் உயரத்தை நீலக் கோடாக வரைந்து காட்டுகிறது. என் "ரியலி" 118 ஹெர்ட்ஸில் தொடங்கி 96இல் முடிகிறது. அதே கூட்டத்தில் அந்தப் பெண் வேறொருவரிடம் ஆச்சரியப்பட்டுச் சொன்ன "ரியலி" 190இலிருந்து 340 வரை ஏறுகிறது. பெண் குரல் இயல்பிலேயே உயரம், எண்களை நேராக ஒப்பிடக் கூடாது என்று புரிந்தது, அதனால் விகிதத்தை அரைச்சுரக் கணக்கில் பார்த்தேன், ஹார்மோனியத்தில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் ஓர் அரைச்சுரம். அவர் ஏறியது ஏறத்தாழ பத்து அரைச்சுரம், நான் இறங்கியது மூன்றரை. முதலில் என் கோடு கடைசியில் திடீரென்று மேலே தாவியது. பெருமைப்பட்டுக்கொண்டேன்! குரல் கரகரத்த இடத்தில் மென்பொருள் தப்பாகக் கணக்கிட்டிருக்கிறது. அது குரலின் உயரத்தைத் தேடும் எல்லையை 75 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை வைத்ததும் அந்தத் தாவல் மறைந்தது.

இப்போது ஏழு அரைச்சுரம் வரை ஏற்ற முடிகிறது. அதற்கு மேல் போனால் நாடகம்போல் இருக்கிறது, நக்கல் செய்வதாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். வானொலி சார், எவ்வளவு வரைக்கும் போகலாம்?

பழையவானொலி

அதற்கு ஒரே எண் கிடையாது. ஒருவரின் வழக்கமான ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் மற்றவர் அளக்கிறார். எப்போதும் தட்டையாகப் பேசுபவர் திடீரென்று பத்து ஏறினால் நக்கல்போலத் தோன்றலாம். மற்ற பேச்சிலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் கொண்டுவந்தால் இது தனித்துத் துருத்தாது. நட்புக்கும் இதே கதைதான். "வாட்ஸ் யுவர் நேம்" என்பதை இறக்கி முடித்தால் படிவம் நிரப்பும் குரல், கடைசியில் மெல்ல ஏற்றினால் அன்பு. அதே அன்புக் குரலை மேலாளரிடம் காட்டினால் குழந்தையிடம் பேசுவதுபோல் ஆகிவிடும், ஜாக்கிரதை.

முற்றுப்புள்ளி

நேற்று முயன்றேன். அதே பெண், இன்னொரு வேலை முடிந்த செய்தி. "லி"யைத் தூக்கினேன். அவர் நிற்காமல் ஐந்து நிமிடம் விளக்கினார். பாதி புரியவில்லை. "சாரி" என்றேன், மெல்லினம் சொன்னபடி ஏற்றித்தான். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார்.