‘இஸின்ட் இட்’டுக்கு ‘அல்லவா’ போதுமா?

காட்பாடி டியூஷன்: பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். வாக்கியக் கடைசியில் வரும் ‘இஸின்ட் இட்’, ‘டோன்ட் யூ’ எல்லாவற்றுக்கும் தமிழில் ‘அல்லவா’ என்று சொல்லிக் கொடுத்தால் போதுமா?

குடியாத்தம் ஆசிரியர்: தாராளமாகப் போதும். ஆங்கிலத்தில் வாக்கியம் உடன்பாடாக இருந்தால் வால் எதிர்மறையாகவும், எதிர்மறையாக இருந்தால் உடன்பாடாகவும் வர வேண்டும். அதோடு துணைவினையும் எழுவாயும் மாற மாற வாலும் மாற வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. ‘ரயில் நிற்கும் அல்லவா’, ‘நிற்காது அல்லவா’ என்று ஒரே சொல் இரண்டுக்கும் ஓடிவிடுகிறது.

பாலாற்றங்கரை: சொல் மாறாது என்பது சரி, ஆனால் அதனாலேயே ‘அல்லவா’ ஒன்று போதும் என்று ஆகிவிடாது. பேச்சில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ‘தானே’. அது வாக்கியத்தின் கடைசியிலேயே நிற்க வேண்டும் என்பதும் இல்லை. ‘நீங்கள்தானே நேற்று ஆற்காட்டிலிருந்து மக்கன்பேடா வாங்கி வந்தீர்கள்?’ என்றால் வாங்கியவர் யார் என்பதை உறுதி செய்துகொள்கிறேன். ‘நேற்றுதானே’ என்றால் வாங்கிய நாளையும், ‘ஆற்காட்டிலிருந்துதானே’ என்றால் ஊரையும். ஆங்கிலத்தில் ‘டிட்ன்ட் யூ’ கடைசியிலேயே நிற்கும். எதைக் கேட்கிறோம் என்பதைக் குரலை அழுத்தித்தான் காட்ட வேண்டும், இல்லையென்றால் ‘இட் வாஸ் யூ ஹூ…’ என்று வாக்கியத்தையே திருப்பிப் போட்டு ‘வாஸின்ட் இட்’ என்று முடிக்க வேண்டும். தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில், உறுதியைக் காட்டும் தேற்றமும் வினாவும் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘தானே’யில் அவ்விரண்டும் சேர்ந்தே கேட்கின்றன என்பது என் எண்ணம்.

சத்துவாச்சாரி: இலக்கணம் எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மாமாவை வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். முதல் நாள் இரவு 9 மணிக்குப் பிறகு அவர் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. அங்கே பயிற்சிக்கு வந்திருந்த வெளிநாட்டு மாணவி, ‘யூ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங், ஹேவ் யூ?’ என்று கேட்டாள். மாமா பெருமையாக ‘யெஸ்’ என்றார். சாப்பிட்டுவிட்டார் என்று எழுதிக்கொண்டு, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாமாவின் இங்கிலீஷை அவள் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாலாற்றங்கரை: அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்; மாமாதான் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கிறார். ‘ஒன்றும் சாப்பிடவில்லைதானே?’ என்று கேட்டால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்போம், ஏனென்றால் நம்முடைய ‘ஆமாம்’ கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்கிறது. ஆங்கில ‘யெஸ்’ கேட்டவரின் நினைப்பைப் பார்ப்பதில்லை. சாப்பிட்டது நடந்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்கிறது. மாமா ‘நோ, ஐ ஹேவன்ட்’ என்றிருந்தால் அன்றே இரத்தம் எடுத்திருப்பார்கள். பையன் தவறுகிறானா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ‘யெஸ்’ஸை அடுத்து ‘ஐ ஹேவன்ட்’ என்று எழுதினால் அவன் தமிழில் பதில் சொல்கிறான் என்று பொருள்.

குடியாத்தம் ஆசிரியர்: இதை அப்படியே ஏற்க முடியாது. ‘சாப்பிடவில்லையா?’ என்று கேட்டால் எங்கள் வீட்டில் ‘இல்லை, இன்னும் சாப்பிடவில்லை’ என்றுதான் பதில் வரும். அதுவும் தமிழ்தானே?

பாலாற்றங்கரை: தமிழ்தான், ஆனால் கேள்வி வேறு. ‘சாப்பிடவில்லையா’ என்பவர் இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை, அதனால் இரண்டு விதமாகவும் பதில் வரலாம். ‘சாப்பிடவில்லைதானே’ என்பவர் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார். அதற்கு வெறும் ‘இல்லை’ என்று நிறுத்தினால் மறுக்கிறோமா, ஒப்புக்கொள்கிறோமா என்று கேட்டவர் திகைப்பார். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு குரலில் இருக்கிறது: வாலில் குரல் இறங்கினால் ஒப்புதலை எதிர்பார்க்கிறார், ஏறினால் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறார். குரல் ஏறும் இடத்தில் ‘தானே’ போடாமல் ‘இல்லையா’ போடுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

குடியாத்தம் ஆசிரியர்: குரல் இறங்கும் இடத்திலும் ‘இல்லையா’ என்று நம் பக்கம் தாராளமாகச் சொல்கிறார்கள். ‘நேற்று நல்ல வெயில், இல்லையா?’ என்பவர் எதையும் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லையே.

பாலாற்றங்கரை: அந்த எடுத்துக்காட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

காட்பாடி டியூஷன்: நன்றி. ‘தானே’யையும் ‘ஆமாம்’ சங்கதியையும் நாளைக்கே சொல்லித் தருகிறேன். இன்னும் ஒன்று: ‘லெட்ஸ் கோ’வுக்குப் பையன் ‘டோன்ட் வி’ என்று எழுதியிருக்கிறான். விடை ‘ஷல் வி’ என்று தெரியும். ஆனால் அங்கே ‘அல்லவா’, ‘தானே’, ‘இல்லையா’ மூன்றும் ஒட்ட மறுக்கின்றன.

சத்துவாச்சாரி: ‘போகலாம், என்ன?’ என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் மாமா அப்படித்தான் சொல்வார்.