பிரம்பு நாற்காலியும் செய்தித்தாளும்: கியூபிசத்தில் கொலாஜ் எங்கிருந்து வந்தது?

முகில்:
கியூபிச ஓவியர்கள் ஒரே இடத்தில் நின்று பார்க்கும் கோணத்தைக் கைவிட்டார்கள் என்று படித்தேன். 1912-இல் அதே ஓவியர்கள் செய்தித்தாளையும் சுவர்த்தாளையும் படத்தில் ஒட்டி, கொலாஜ் செய்யத் தொடங்கினார்கள். இவை ஒரே தேடலின் இரு கட்டங்களா, தொடர்பற்ற இரு புதுமைகளா?

இளவேனில்:
தொடர்பற்றவை என்பதே என் கருத்து. ஒரு பொருளைச் சுற்றி நடந்து, அதன் எல்லாப் பக்கங்களையும் ஒரே பரப்பில் காட்டுவது கியூபிசம். கொலாஜ் அதற்கு நேர்மாறானது. 1912 மே மாதத்தில் பிக்காசோ ஒரு சிறிய நீள்வட்டப் படத்தில் நாற்காலியின் பிரம்புப் பின்னலை வரையாமல், அதையே ஒட்டிவிட்டார். வரைந்த பொருள் இருந்த இடத்துக்கு உண்மைப் பொருள் வந்துவிட்டது. அங்கே பார்வைக் கோணம் என்ற கேள்விக்கே இடமில்லை.

கரிக்கோடு:
அந்தப் படத்தில் பிரம்பு இல்லை, இளவேனில். பிக்காசோ ஒட்டியது, மேசைமேல் விரிக்கும் மெழுகுசீலையின் ஒரு துண்டு. பிரம்புப் பின்னல் அதன்மேல் இயந்திரத்தால் அச்சிடப்பட்டிருந்தது. ஆகவே, படத்தில் மிகவும் உண்மைபோலத் தோன்றும் பகுதிதான் அதன் மிகப் பெரிய பொய். சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் உண்மையான கயிறு ஓடுகிறது. நீள்வட்டத்தை மேலிருந்து பார்த்த மேசையாகக் கொண்டால், கயிறு அதன் விளிம்பாகிறது. ஆனால் மேசைமேல் உள்ள பொருள்களுக்கு அந்த மேற்பார்வை பொருந்துவதில்லை. கோணச் சிக்கல் அங்கே தீரவில்லை, கூடியிருக்கிறது.

பொருளைச் சுற்றி நடக்கும் விளக்கத்தைப் பரப்பியவர்கள் மெட்சிங்கர், க்ளேஸ் போன்ற ஓவியர்கள். கியூபிசத்தைத் தொடங்கிய பிக்காசோவும் பிராக்கும் அப்படி எந்த அறிக்கையும் எழுதவில்லை. சிகாகோவில் உள்ள, 1910-இல் பிக்காசோ வரைந்த, கலை வணிகர் கான்வைலரின் உருவப்படத்தில் அவருடைய பின்தலை எங்கும் தெரிவதில்லை. உடலின் விளிம்புகள் திறந்துகொண்டு பின்னணியோடு கலக்கின்றன, ஒளி ஒரே திசையிலிருந்து வருவதில்லை. கோத்த கைகள், கடிகாரச் சங்கிலி, தலைமுடி போன்ற சில குறிப்புகளை வைத்துத்தான் ஒரு மனிதர் அமர்ந்திருப்பதை நாம் கூட்டிக்கொள்கிறோம். 1911-இல் இது படத்தைப் படிக்கவே முடியாத எல்லையை நெருங்கியது. பிராக் ஸ்டென்சில் எழுத்துகளைப் படத்தில் இட்டது அந்தக் கட்டத்தில்தான். எழுத்து தட்டையானது, அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் இல்லை. ஒட்டுத்தாளுக்கான வழி அங்கேயே திறந்துவிட்டது.

மணிமாறன்:
வெட்டி ஒட்டுவதில் என்ன புதுமை இருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மேரி டெலனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டி ஏறத்தாழ ஆயிரம் மலர்ப் படங்களைச் செய்தார். அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1881-இல் பிரெஞ்சுக் கலைஞர் டெகா தம் நடனச் சிறுமியின் மெழுகுச் சிலைக்குத் துணிப்பாவாடை உடுத்திக் காட்சிக்கு வைத்தார். கலையில் எதைப் பயன்படுத்தலாம் என்ற எல்லையை 1912-இல் யாரோ உடைத்தார்கள் என்று சொல்வது மிகை. டெலனியின் கைத்திறனில் பாதிகூடச் செய்தித்தாளை ஒட்டுவதற்குத் தேவையில்லை.

சட்டக்கடை:
நான் படங்களுக்குச் சட்டம் போடும் தொழில் செய்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் தாம் செய்த செய்தித்தாள் கொலாஜைக் கொண்டுவந்தார். ஓராண்டுக்குள் தாள் பழுப்பேறி, ஓரங்கள் நொறுங்கத் தொடங்கிவிட்டன. சட்டம் சரியில்லை என்று என்மேல் பழி போட்டார். பிக்காசோ படங்களில் உள்ள செய்தித்தாள்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் எப்படித் தாங்குகின்றன? அவர் என்ன பசை பயன்படுத்தினார்?

கரிக்கோடு:
சட்டக்கடை ஐயா, பசையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. செய்தித்தாள் அரைத்த மரக்கூழில் செய்யப்படுவது. அதில் தங்கிவிடும் லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டால் பழுப்பாகும், அமிலம் இழைகளை முறிக்கும். பிக்காசோவின் தாள்களும் பழுப்பேறியவைதாம். மங்கிய ஒளியில், குறைந்த காலமே காட்சிக்கு வைப்பதால் அவை பிழைத்திருக்கின்றன. பின்னட்டை அமிலமற்றதாகவும் கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுப்பதாகவும் இருந்தால் பழுப்பேறும் வேகம் குறையும், நிற்காது.

மணிமாறன், டெலனியின் தாள் இதழாகவே மாறிவிடுகிறது. அது தாள் என்பதை நாம் மறந்தால்தான் அவருக்கு வெற்றி. 1912 செப்டம்பரில் தென் பிரான்சின் சோர்க் என்ற ஊரில் பிராக் செய்தது வேறு. அவினியோன் கடையொன்றில் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி, மூன்று துண்டுகளைத் தாளில் ஒட்டி, பழத்தட்டையும் கோப்பையையும் கரியால் வரைந்தார். மேலே உள்ள இரண்டு துண்டுகளும் சுவரின் மரப்பலகை. கீழே குறுக்காக உள்ள துண்டில் ஒரு வட்டக் குமிழை வரைந்ததும் அது மேசையின் இழுப்பறையாகிவிட்டது. அதே தாள்தான், அது எதைக் குறிக்கிறது என்பதை இடமும் பக்கத்துக் கோடும் முடிவு செய்கின்றன. பிராக் வீட்டு அலங்கார வண்ணப்பூச்சில் முறையாகப் பயிற்சி பெற்றவர். சீப்பை இழுத்து மரவரி உண்டாக்கும் வித்தையைப் பிக்காசோவுக்குக் காட்டியவரும் அவரே. அந்தத் திறன் கையில் இருந்தும் கடைத்தாளை வாங்கினார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

முகிலின் கேள்விக்கு மிகத் தெளிவான சான்று, அதே ஆண்டின் இறுதியில் பிக்காசோ செய்து, இன்று பாரிஸின் பொம்பிடு மையத்தின் சேகரிப்பில் உள்ள வயலின் படம். ஒரே செய்தித்தாளிலிருந்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி வெட்டிய இரண்டு துண்டுகளே அதில் உள்ளன. ஒரு துண்டு மறுபக்கம் திருப்பி ஒட்டப்பட்டிருக்கிறது. ஒன்று வயலினின் உடலாகிறது, அச்சு வரிகள் மரவரிகளாகின்றன. மற்றொன்று வயலினுக்குப் பின்னுள்ள வெளியாகிறது. அடுத்து, வயலினின் இரண்டு ஒலித்துளைகளைப் பாருங்கள்: ஒன்று பெரியது, ஒன்று சிறியது. கருவி சாய்ந்து திரும்பியிருந்தால்தான் அப்படித் தெரியும். ஒட்டிய தாளோ துளியும் சாயாமல் தட்டையாகக் கிடக்கிறது. ஒரே தாளின் இரு பக்கங்கள் முன்னும் பின்னுமாகின்றன. ஆழம் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை, குறிக்கப்படுகிறது. ஒற்றைக் கோணத்தைக் கைவிட்டதன் நேரடி விளைவு இது.

இளவேனில்:
உங்கள் சான்றே என் பக்கம் பேசுகிறது. சாய்வைச் சொல்லும் ஒலித்துளைகள் இரண்டும் கரியால் வரைந்தவை. அதாவது, கோணத்தைக் கையாள்வது கோடு. தாள் அதில் பங்கெடுக்கவில்லை. தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பல் வண்ணம் பூசியிருந்தாலும் துளைகள் அதையே சொல்லியிருக்கும்.

வாசுகி:
வண்ணம் பூசியிருந்தால் செய்தி இருந்திருக்காது. பிக்காசோவின் சூஸ் மதுப்புட்டிப் படத்தில் ஒட்டியுள்ள துண்டுகளில் 1912 பால்கன் போரின் செய்திகள் அச்சாகியிருக்கின்றன. பாரிஸ் உணவகத்தில் மது அருந்துபவரின் மேசைமேல் போர் வந்து விழுகிறது என்று கலை வரலாற்றாசிரியர் பட்ரீசியா லேய்ட்டன் வாசித்தார். மற்றொரு கலை வரலாற்றாசிரியர் ரோசலிண்ட் கிராஸ், அச்சான சொற்களைவிட, தாள் இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருளைக் குறிக்கும் ஆட்டத்துக்கே முதலிடம் தந்தார். கரிக்கோடு கிராஸின் பக்கம் முழுமையாகச் சாய்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

கரிக்கோடு:
சாய்வது உண்மைதான். தலைகீழாக ஒட்டிய துண்டுகளும் அந்தப் படத்தில் இருக்கின்றன. செய்தியைப் படிக்க வைப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் அப்படி ஒட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் போர்ச் செய்திகள் அத்தனை சேர்ந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்கவும் எனக்கு மனமில்லை.

சட்டக்கடை:
தொழில்காரனாக ஒன்று கேட்கிறேன். அந்த வயலினில் தாள் மரமாகிறது என்கிறீர்கள். இன்று அது பழுப்பாக இருப்பதால் மரம்போலத் தோன்றுகிறது. அன்று வந்த செய்தித்தாள் வெளிறிய நிறத்தில்தானே இருந்திருக்கும்? அப்போது பார்த்தவருக்கு அது மரமாகப் பட்டிருக்குமா?

இளவேனில்:
இதற்குக் கரிக்கோடு பதில் சொல்லட்டும். நிறம் உதவாத நிலையில், அச்சு வரிகளை மட்டும் வைத்து மரவரி என்று வாதிடுவது எளிதல்ல.

கரிக்கோடு:
எளிதல்லதான். ஆனால் நிறம் ஒத்துப்போகாதபோதும் வயலினின் வடிவமும் துளைகளும் அந்தத் தாளை உடலாக ஏற்கச் செய்திருந்தால், அங்கே ஒப்புமைக்கு வேலையே இல்லை, அமைப்புதான் எல்லாவற்றையும் செய்கிறது என்றாகிறது. அது என் வாதத்தைத்தான் பலப்படுத்தும். பழுப்பு பின்னால் வந்து சேர்ந்தது. இன்று படத்தைப் பார்ப்பவர் முதலில் அதைக் கழித்துவிட்டுத்தான் 1912-க்குப் போக வேண்டும்.