நன்றிக் கடிதம் அனுப்பினோம், பதிலுக்கு எக்ஸெல் வந்தது

ஓசூர், ஃப்ரண்ட் ஆபீஸ்:
ஒரு வருஷமாக இன்ஜினியர்களை எங்கள் ஓட்டலிலேயே தங்கவைக்கிற கம்பெனி. மார்ச்சில், ரேட் புதுப்பிக்கிற நேரம் பார்த்து, எங்கள் சேல்ஸ் மேனேஜர் நன்றிக் கடிதம் அனுப்பினார். "இந்த ஆண்டு 410 ரூம் நைட்ஸ் தந்தீர்கள்" என்று அதில் ஒரு வரி. மறுநாள் காலை எக்ஸெல் ஷீட்டை அனுப்பிவிட்டு அவர்கள் டிராவல் டெஸ்க் மேடம் போனில்: "எங்க கணக்குல 590 இருக்கே சார். மீதி ராத்திரி எல்லாம் எங்க ஆளுங்க பஸ் ஸ்டாண்டுலயா படுத்தாங்க?"

அந்த மீதி 180 ஏஜென்ட் மூலமாக வந்த வெளியூர் ஆட்களுடையது. அந்த புக்கிங் எல்லாம் ஏஜென்ட் கோடில் விழுந்திருக்கிறது. கம்பெனி பெயரில் ரிப்போர்ட் எடுத்தால் வராது. 500 ரூம் நைட்ஸ் தாண்டினால் 3,500 ரூபாய் ரூம் 3,200 என்று ஒப்பந்தம். இப்போது வித்தியாசத்தைக் கேட்கிறார்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுத்த ரூமைச் சேர்க்க முடியாது என்கிறது எங்கள் நிர்வாகம்.

கோவை, ரெவின்யூ:
கம்பெனி கோட் ரிப்போர்ட்டை மட்டும் நம்பக்கூடாது. அவர்கள் ஜிஎஸ்டி எண்ணில் போட்ட பில்களை எடுத்துப் பாருங்கள், பாதி வித்தியாசம் அங்கேயே தெரியும். ஏஜென்ட் பெயரில் பில் போயிருந்தால் அதிலும் சிக்காது. செக்-இன் கார்டில் கெஸ்ட் எழுதின கம்பெனி பெயர்தான் கடைசி வழி. அதையும் பாதிப் பேர் காலியாக விட்டுவிடுவார்கள்.

மதுரை, லாட்ஜ்:
கடிதத்தை யார் சார் படிக்கிறார்கள்? தீபாவளிக்கு ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸோடு அனுப்பினோம். பரிசு வாங்கக்கூடாது என்று கம்பெனியில் விதியாம், செக்யூரிட்டி கேட்டிலேயே திருப்பிவிட்டார். அதனால் வவுச்சராகக் கொடுங்கள், அதுவும் புக் செய்கிறவர் கையில். மேலதிகாரிக்குக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. ரூம் போடுகிறவர் வேறு, கையெழுத்துப் போடுகிறவர் வேறு. பொங்கலுக்கு முன்னாடியே கொடுத்துவிடுங்கள், மார்ச்சில் எல்லோரும் கணக்கு முடிக்கிற டென்ஷனில் இருப்பார்கள்.

சென்னை, ஒரு கம்பெனி டிராவல் டெஸ்க்:
மதுரைக்காரரே, ஸ்வீட்டே உள்ளே வரவில்லை, வவுச்சர் எப்படி வரும்? அதுவும் பரிசுதான். என் பெயருக்கு வந்தால் என் வேலைக்கே வேட்டு.

கடிதத்தைப் படிக்கிறோம். ஒரு ஓட்டல் எண்ணிக்கையே போடாமல் எழுதியிருந்தது: "ஆகஸ்டில் உங்கள் ஆட்கள் பதினொரு பேர் விடியற்காலை மூன்று மணிக்கு வந்தபோது, ரூம் லிஸ்டை முதல் நாளே அனுப்பியிருந்தீர்கள். அதனால்தான் யாரையும் லாபியில் உட்காரவைக்கவில்லை." எனக்கு எழுதி, மேனேஜருக்கு நகல். அதை அவர் மீட்டிங்கில் வாசித்தார்.

அடுத்த பத்தியிலேயே ஏப்ரல் முதல் ரேட் ஏறுகிறது என்று போட்டிருந்தார்கள். அதையும் சேர்த்துத்தான் வாசித்தார்.

ஓசூர், ஃப்ரண்ட் ஆபீஸ்:
எண் போடாமல் எழுதியிருக்கலாம், சரி. இப்போது அந்த 180-க்கு என்ன பதில் சொல்வது? மேடம் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார்.